வாடகைக்குப் போன ஆயில் இன்ஜின்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில பேசிப் பழக்கம் இல்லை. நம்ம தலைவி அக்காதான், "உங்க குழு இன்ஜின் வாங்கி வாடகைக்கு விடுதே, அதுல நடந்ததை அப்படியே சொல்லு, நல்லதை மட்டும் சொல்லாதே" என்றார்கள். அதனால் நல்லதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊரு கடைமடை. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-இல் திறப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள மேல இருக்கிற ஊர்ல எல்லாம் நாற்று எழும்பியிருக்கும். வந்தாலும் முறை வைத்துத்தான் விடுவார்கள். வாய்க்கால் அடியில முழங்கால் அளவு ஓடும், வயல் மேட்டுல இருக்கும். மடையைத் திறந்தா பாயாது, இறைச்சுத்தான் ஆகணும். போர் போடலாமே என்று கேட்பீர்கள். கடல் பக்கம் என்பதால் எங்க பகுதியில போர்த்தண்ணி உப்பு. நாற்று கருகிடும். அதனால் ஆயில் இன்ஜின் இல்லாமல் எங்க ஊர்ல விவசாயம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில பெருமழை பிடிச்சா அதே இன்ஜினை வைத்துத்தான் வயல்ல நிற்கிற தண்ணியை வடிகாலுக்கு இறைச்சு விடணும். தண்ணி இல்லைன்னாலும் இன்ஜின், தண்ணி அதிகமானாலும் இன்ஜின்.

எங்க ஊர்ல சொந்தமா இன்ஜின் வைத்திருந்தது மூன்று பேர். அவங்க வயல் முடிந்த பிறகுதான் மற்றவங்களுக்கு. வாடகையும் மணிக்கு 120 ரூபாய், டீசல் நம்முடையது. குழுவில் இருக்கிற பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு நிலம் உண்டு, எல்லாம் மூணு மா, நாலு மா. (ஒரு ஏக்கருக்கு மூணு மா, மேற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவங்களுக்காகச் சொல்றேன்.) இந்த நிலத்துக்கு ஆளாளுக்கு இன்ஜின் வாங்க முடியாது. குழுவா வாங்கினா என்ன என்று பேச்சு வந்தது. சிலர் டிராக்டருக்கு ரோட்டவேட்டர் வாங்கலாம் என்றார்கள். அதை வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே வாடகைக்கு விடுகிறார்கள், உழவன் செயலியில் பதிவு செய்யலாம். அதோட ரோட்டவேட்டர் வருஷத்தில் எங்களுக்கு ஓரிரு நாள் வேலை. இன்ஜின் அப்படி இல்லை, நாற்றங்காலில் ஆரம்பித்து கதிர் முற்றுகிற வரைக்கும் வேலை இருக்கு. அதனால் இன்ஜின் என்று முடிவு செய்தோம்.

வங்கிக் கடனில் 5 குதிரை சக்தி டீசல் இன்ஜின், 3 அங்குல பம்போடு சேர்ந்தது, 36,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஓஸ், புட்வால்வு, தள்ளிக்கொண்டு போக டயர் வண்டி எல்லாம் சேர்த்து இன்னொரு 6,000. மொத்தம் 42,000. தவணை மாசம் இரண்டாயிரம் போல, 24 மாசம்.

வாடகை எவ்வளவு என்று பேசும்போது, நம்ம ஊர் ஜனங்கதானே, 120 வாங்குறவங்க மாதிரி நாமும் வாங்கக்கூடாது என்று 60 ரூபாய் வைத்தோம். டீசல் எடுப்பவங்களுடையது. யாரும் கணக்குப் போடவில்லை. 120-இல் பாதி 60, அவ்வளவுதான் கணக்கு. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

முதல் வருஷம் இன்ஜின் 210 மணி நேரம் ஓடியது. 12,600 ரூபாய் வரணும். அதில் மூவாயிரத்துச் சொச்சம் வரவே இல்லை, "அறுப்பு முடிஞ்சு தர்றேன்" என்று நின்றது. தவணைக்கு வருஷம் 24,000 கட்டணும். மீதியை எங்க சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். அப்பவும் எங்களுக்கு உறைக்கவில்லை. இன்ஜின் நம்மகிட்ட இருக்கே, கடன் முடிஞ்சா எல்லாம் லாபம்தானே என்று நினைத்தோம்.

இரண்டாவது வருஷம் புரட்டாசியில்தான் அடி விழுந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா நாங்க கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு ராத்திரியில்தான்.

அப்போ சம்பா நாற்றங்கால் நேரம். முறைத் தண்ணி ராத்திரி வந்தது. எங்க சின்ன மாமனார், என் மாமனாரோட கூடப்பிறந்த தம்பி, இன்ஜினை எடுத்துட்டுப் போனார். நான்தான் குடுத்தேன். சாவியா இருக்கு, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகவேண்டியதுதானே. நோட்டில் "ராத்திரி 9 மணி" என்று மட்டும் எழுதினேன். கூட யாரும் போகவில்லை. அவர் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு கரையில துண்டை விரிச்சுப் படுத்துட்டார். நடு ராத்திரியில மேல மதகை இறக்கிட்டாங்க. வாய்க்கால்ல தண்ணி மடமடன்னு இறங்கி, புட்வால்வு வெளியில தெரிஞ்சு காற்றை இழுத்திருக்கு. பம்பு தண்ணி விட்டுடுச்சு. இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு.

இங்கே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எங்க இன்ஜின் மாதிரி பம்போடு சேர்ந்து வருகிற தண்ணிக் குளிர்ச்சி இன்ஜினில், பம்பு இறைக்கிற தண்ணியிலிருந்தே ஒரு சின்ன டியூப் வழியா கொஞ்சம் தண்ணி இன்ஜினைச் சுற்றிப் போய், அதைக் குளிர வைத்து வெளியே வந்து விழும். அப்போ பம்பு தண்ணி விட்டுட்டா வயலுக்குத் தண்ணி நின்றதோடு போகாது, இன்ஜினுக்கும் தண்ணி நின்று போகும். சூடு ஏறி, பிஸ்டன் விரிஞ்சு, லைனரோட பிடிச்சுக்கும். அன்றைக்கு அதுதான் நடந்தது. புகை வந்து தானா நின்றிருக்கு. சின்ன மாமனார் பயந்து போய், மீதி இருந்த பள்ளத்துத் தண்ணியை வாளியில மொண்டு சூட்டோட இன்ஜின் தலையில ஊற்றிட்டார். ஹெட்டில் கீறல் விட்டுப் போச்சு. காய்ஞ்ச தோசைக்கல்லுல ஒரு சொம்பு தண்ணியை ஊற்றிப் பாருங்க, புரியும்.

காலையில ஹேண்டிலைப் போட்டா சுற்றவே இல்லை.

மெக்கானிக் கழற்றிப் பார்த்து லைனர், பிஸ்டன், ரிங், ஹெட், கூலி எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய் சொன்னார். யார் கொடுக்கிறது? சின்ன மாமனார், "பழைய இன்ஜின், ஏற்கனவே கோளாறு, என் தலையில கட்டப் பாக்குறீங்க" என்றார். வீட்டுக்காரர் என்னிடம், "பெரியவரை ஊர்ல வெச்சுக் கேள்வி கேக்காதே, குழுவிலிருந்து போட்டுக்கோங்க" என்றார். குழுவில் ஒரு அக்கா, "உங்க மாமனார் வீடுன்னு விட்டுட்டா நாளைக்கு எங்க வீட்டு ஆம்பளைங்களும் அப்படித்தான் நிப்பாங்க" என்றார். மூன்று பேர் சொன்னதுக்கும் நடுவில நான் நின்னேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு மெக்கானிக்கையே கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். அவர் இரண்டு விஷயம் காட்டினார். பிஸ்டனில் உராய்ந்த தடமும் ஹெட்டில் கீறலும் தண்ணியில்லாமல் ஓடி, அப்புறம் பச்சைத் தண்ணி பட்டதால் என்றார். அது ஓட்டினவர் தப்பு. அடுத்து, வடிச்சு வைத்திருந்த இன்ஜின் ஆயிலைக் காட்டினார். தார் மாதிரி கறுப்பு. 210 மணி நேரத்துக்கு மேல ஓடியும் நாங்கள் ஆயில் மாற்றவே இல்லை. அளவுக் குச்சியில் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. அது குழுவின் தப்பு. நோட்டில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதியிருந்தோமே தவிர, அதைக் கூட்டிப் பார்த்து ஆயில் மாற்றணும் என்று ஒருத்திக்கும் தோணவில்லை.

அதனால் பாதிக்குப் பாதி என்று தீர்த்தோம். சின்ன மாமனார் 4,800, குழு 4,800. அவர் தை அறுப்பில் மூவாயிரம் கொடுத்தார், மீதியைச் சித்திரையில் கொடுத்தார். கொடுக்கிற வரைக்கும் எங்க வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை.

ஆனா இதுல பணத்தால் தீராதது ஒண்ணு இருக்கு. இன்ஜின் பத்தொன்பது நாள் மெக்கானிக்கிடம் கிடந்தது. அடுத்த முறை எங்க குழுவில் ஒரு அக்காவுடையது. வீட்டுக்காரர் இல்லாதவங்க, மூணு மா குத்தகை. அவங்க மற்ற இன்ஜின்காரங்ககிட்ட அலைஞ்சாங்க, முறை கிடைக்கலை. நாற்றங்கால் காய்ஞ்சு வெடிச்சு, கடைசியில் வெளியூர்ல நாற்று வாங்கித்தான் நட்டாங்க. அவங்களுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் முதல் மூணு முறை வாடகை வேண்டாம் என்று சொன்னோம். அவங்க கேட்கலை, வாடகை கொடுத்துத்தான் எடுத்தாங்க. குழுவாகச் சேர்ந்து இன்ஜின் வாங்கினதே அவங்களை மாதிரி ஆளுக்குத்தான்.

அதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் பெரியவன் எட்டாவது படிக்கிறான், அவன்தான் கால்குலேட்டர் போட்டான். ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடினா நமக்கு எவ்வளவு தேயுது என்பதுதான் கேள்வி.

மெக்கானிக் சொன்னது, ஒழுங்கா வைத்துக்கொண்டால் எட்டு வருஷம் உழைக்கும். வருஷத்துக்கு இருநூறு மணி நேரம் என்றால் எட்டு வருஷத்துக்கு 1,600 மணி நேரம். 36,000 ரூபாய் இன்ஜினை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு 23 ரூபாய் வருது. அதாவது ஒரு மணி நேரம் ஓடினா 23 ரூபாய் இன்ஜின் கரைஞ்சு போகுது, அது கண்ணுக்குத் தெரியாது. நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூணு லிட்டர் ஆயிலும் பில்டரும் மாற்றணும், அது மணிக்கு 12. ஓஸ் கிழியும், புட்வால்வு தோல் போகும், அதுக்கு 10. சின்னதும் பெரியதுமா ரிப்பேருக்கு 15. கடன் வட்டியைப் பிரிச்சா 3. கூட்டினா 63 ரூபாய்.

நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது 60. எடுத்துப்போன ஒவ்வொருவருக்கும் மணிக்கு மூணு ரூபாய் கைக்காசு போட்டு அனுப்பியிருக்கிறோம்! அதுவும் எல்லாரும் ஒழுங்கா வாடகை கொடுத்தால். ராத்திரி நோட்டு எழுதினது, வண்டி தேடிப்போனது எல்லாம் கணக்கிலேயே இல்லை.

இப்போ மணிக்கு 100 ரூபாய். டீசல் அவங்களுடையது. 63 போக, கூட வந்து ஓட்டுகிற நம்ம பெண்ணுக்கு 25. மீதி 12 ரூபாய் குழுவுக்கு. "குழு பொம்பளைங்க லாபம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று டீக்கடையில் பேச்சு வந்தது. நாங்கள் இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி இன்ஜின் நிற்கிற கொட்டகையில் மாட்டிவிட்டோம். படிச்சுப் பார்த்தவங்க அதுக்கு மேல பேசலை. உங்க ஊர்ல இதே 100 ரூபாய் சரியா வரும் என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு நூறு மணி நேரம்தான் ஓடும் என்றால் மணிக்குத் தேய்மானம் கூடுதலா விழும். தேய்மானத்துக்கும் ரிப்பேருக்கும் உள்ள பணத்தைத் தனிப் பாஸ்புக்கில் போடுகிறோம், அதிலிருந்து உள்கடன் கொடுப்பதில்லை. இதுக்குச் சண்டை வந்தது, இன்னமும் வருது. பணம் சும்மா கிடக்குதே என்கிறார்கள். சும்மா கிடக்கலை, அது அடுத்த இன்ஜின்.

உறுப்பினர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்துப் பார்த்தோம். ஒரே மாசத்தில் ஊர்ல இருக்கிற வயல் பூரா உறுப்பினர் பெயரில்தான் ஓடியது! கொழுந்தனார் வயல், ஓரகத்தி அண்ணன் வயல் எல்லாம். இப்போ எல்லாருக்கும் ஒரே வாடகை.

முக்கியமான மாற்றம், இன்ஜின் தனியா போகாது. கூட நம்ம ஆள் போகணும். ஆம்பளை ஆள் வைக்கலாமா என்று யோசித்தோம். பிறகு மெக்கானிக்கையே மூணு நாள் வரச்சொல்லி, நானும் இன்னொரு தங்கச்சியும் கற்றுக்கொண்டோம். ஹேண்டில் போடத்தான் பயம். லிவரைத் தூக்கிவிட்டுச் சுற்றி, வேகம் வந்ததும் லிவரை விட்டு ஹேண்டிலை உருவணும். பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமா வைத்துக்கணும், சுற்றிப் பிடிக்கக்கூடாது. இன்ஜின் உதைச்சா கட்டை விரல் போயிடும். முந்தானையை இறுக்கிச் செருகி, மேலே ஒரு சட்டை போட்டுக்குவோம். என் வீட்டுக்காரரோட பழைய சட்டைதான். அதைப் பார்த்து ஊரே சிரிச்சது. இப்போ சிரிக்கிறதில்லை, "அக்கா, எப்போ வருவீங்க" என்றுதான் கேக்குறாங்க.

ஸ்டார்ட் ஆனதும் நான் முதலில் கை வைத்துப் பார்ப்பது அந்தச் சின்னக் குளிர்ச்சிக் குழாய்த் தண்ணியைத்தான். வெதுவெதுன்னு வந்தா சரி. கை பொறுக்காத சூடு என்றாலோ, வரவே இல்லை என்றாலோ உடனே நிறுத்திடணும். நிறுத்தின பிறகு மேலே தண்ணி ஊற்றக் கூடாது, தானா ஆறணும். இன்னொண்ணு சத்தம். தண்ணி இறைக்கிறபோது இன்ஜின் பாரம் தூக்குறவன் மாதிரி கனமாச் சத்தம் போடும். பம்பு தண்ணி விட்டுட்டா பாரம் இறங்கி, சத்தம் லேசாயிடும். பழகிட்டா, பத்து வயல் தள்ளிப் புல் அறுத்துக்கிட்டு இருந்தாலும் அந்த மாற்றம் காதுல விழும். நான் ரெண்டு தடவை அப்படி ஓடிப்போய் நிறுத்தியிருக்கேன்.

தண்ணி ஏறவில்லை என்றால் முக்கால்வாசி புட்வால்வு அல்லது காற்று. புட்வால்வில் பாசியோ குச்சியோ மாட்டினா மூடாது, ஊற்றுகிற தண்ணி எல்லாம் கீழே இறங்கிடும். அதுக்குத்தான் பழைய மூங்கில் கூடையில் வைத்துக் கட்டி இறக்குவோம். சேற்றில் உட்காராமல், தண்ணிக்குள்ள நல்லா ஒண்ணரை அடி முங்கியிருக்கணும். முறைத் தண்ணி இறங்குகிற நேரமா இருந்தா கரையில ஒரு குச்சி நட்டுக் கோடு போட்டுப் பார்த்துக்கிட்டே இருப்போம். அவசரத்துக்குப் பம்பில் சாணித் தண்ணியைக் கரைச்சு ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் தாங்கும், அதுக்கு மேல அதை நம்பக்கூடாது, தோலை மாற்றிடணும். உறிஞ்சு ஓஸ் மூட்டுல காற்று இழுத்தா சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினா போதும். இன்ஜினைத் தண்ணிக்குப் பக்கத்துல வைக்கணும். வயல் தூரமா இருந்தா வெளியே தள்ளுகிற ஓஸைத்தான் நீட்டணும், உறிஞ்சுகிற ஓஸை நீட்டக் கூடாது. நிறைய பேர் இதைத் தலைகீழா செய்துட்டு இன்ஜினைத் திட்டுறாங்க.

மணிக்கணக்குத் தகராறு முன்பு தினமும் வரும். "நாலு மணி நேரம்தான் ஓடுச்சு" என்பார்கள். இப்போ இன்ஜின் கிளம்பும்போது டீசல் டேங்க் நிறைய இருக்கும். திரும்ப வந்து மறுபடி நிறைச்சுத் தரணும். எங்க இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். ஒருத்தர் நாலு மணி நேரம் என்றார், நிறைக்க ஏழு லிட்டர் பிடிச்சது. நாங்கள் ஒண்ணும் பேசலை, லிட்டர் கேனைக் காட்டினோம். அவரே சிரிச்சுக்கிட்டு ஏழு மணி நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தார். டேங்கை நிறைச்சு வைப்பதில் இன்னொரு நன்மை, டீசல் அடியோட தீர்ந்தா குழாயில் காற்று புகுந்துடும். அப்புறம் திருகாணியைத் தளர்த்திக் காற்றை எடுத்தாத்தான் ஸ்டார்ட் ஆகும், அரை மணி நேரம் வீண்.

ஒரு மா நிலத்துக்கு ரெண்டு அங்குலம் தண்ணி நிற்க எங்க இன்ஜினுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். அதை வைத்துத்தான் முன்கூட்டியே முறை எழுதுகிறோம். மூணு மா என்றால் ஆறு மணி நேரம், அதோட ஓஸ் சுருட்டி அடுத்த வயலுக்குத் தள்ள ஒரு மணி நேரம். நாற்றங்காலுக்கு முதல் உரிமை, அது பொறுக்காது. மற்றபடி யார் முதலில் எழுதினாங்களோ அவங்களுக்கு.

மழைக்காலத்துல இந்த முறை செல்லாது. ஒரே நாள்ல ஊரே மூழ்கினா முதலில் எழுதினவர் மூணு நாள் வைத்துக்கொண்டால் மற்றவர் பயிர் அழுகிடும். அப்போ ஆளுக்கு மூணு மணி நேரம், பள்ளத்து வயலிலிருந்து ஆரம்பம். வடிகாலில்தான் விடணும். ஒருத்தர் தன் வயல் தண்ணியைப் பக்கத்து வயல்ல இறைச்சு விட்டு, அண்ணன் தம்பிக்குள்ளேயே மண்வெட்டியைத் தூக்கிட்டாங்க. அன்றைக்கு நான் இன்ஜினை நிறுத்திவிட்டு ஹேண்டிலை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துட்டேன். ஹேண்டில் இல்லாம என்ன செய்ய முடியும்? அரை மணி நேரத்தில் வடிகாலுக்கு ஓஸைத் திருப்பினாங்க.

கடன் பாக்கியைப் பற்றியும் சொல்லணும். அறுப்புக்கு அப்புறம் தர்றேன் என்பதை முழுசா நிறுத்த எங்களால் முடியலை. கையில காசு இருக்கிறவங்களுக்கு மட்டும் என்றால் அது நம்ம குழு இல்லை. அதனால் பாதி அன்றைக்கே, பாதி அறுப்பில். பழைய பாக்கி தீர்க்காமல் அடுத்த போகத்துக்குப் பெயர் எழுதுவதில்லை. முறைப் பட்டியலைக் கொட்டகையிலேயே ஒட்டுவதால், பாக்கிக்காரர் பெயர் அதுல இல்லை என்று ஊருக்கே தெரியும். யாரையும் வீடு தேடிப் போய்க் கேட்கவேண்டியதில்லை. போன போகத்தில் நின்ற பாக்கி 600 ரூபாய்தான்.

ராத்திரி விஷயம்தான் இன்னும் சரியா தீரலை. ராத்திரி முறை வருகிறவங்களுக்கு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து, வீட்டு ஆம்பளை ஒருத்தர் துணையோடதான் போறோம். துணைக்கு ஆள் கிடைக்காத ராத்திரி இன்ஜின் போகாது. அந்த ராத்திரி முறை யாருக்கோ வீணாப் போகுது, அவங்க கோபத்திலும் நியாயம் இருக்கு. மூணாவதா ஒரு பெண் பழகிக்கிட்டு இருக்காள், அவள் வந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

வங்கிக் கடன் முடிஞ்சு போச்சு. நல்லதைக் கடைசியில் சொல்றேன் என்றேனே, அது இதுதான். தனிப் பாஸ்புக்கில் இன்றைக்கு 14,200 ரூபாய் இருக்கு.

முறை நோட்டையும் வாடகைக் கணக்கு அட்டையையும் கொண்டு வந்திருக்கேன். பார்க்கணும் என்பவங்க டீ நேரத்தில் வாங்க, எழுதிக்கிட்டுப் போகலாம். நாலு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பணும், நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கீழத்தெருவில் முறை. எங்க சின்ன மாமனார் வயல்தான்.